பூண்டுக்கு 12 டேக், 16 எமோஜி: கேப்ஷன் கேள்வி பதில்

பதில் சொல்பவர் கோத்தகிரியில் கடைகளுக்கும் ஹோம்ஸ்டேகளுக்கும் பதிவு எழுதிக் கொடுப்பவர். கேட்பவர்கள் நீலகிரியிலும் கொடைக்கானல் பக்கமும் சிறுதொழில் செய்கிறவர்கள்.

பூம்பாறையிலிருந்து: "அக்கா, ஃபேஸ்புக் பேஜ்ல இதைத்தான் போடுறேன். லைக் வருது, ஆர்டர் வரலை. எதை வெட்டுறது?"

> 🧄🧄🔥 ஹாய் மக்களே 😍😍 #கொடைக்கானல்-ல இருந்து 💯 ஒரிஜினல் #மலைப்பூண்டை 🧄 நேரா உங்க வீட்டுக்கு 🚚💨 அனுப்புறோம் 👉👉 கிலோ 450 ரூபா 💰 இந்த வெள்ளி வரைக்கும் தான் ⏰ 📲 மெசேஜ் பண்ணுங்க 🙏🙏
> #கொடை #பூண்டு #garlic #love #instagood #viral #trending #foodie #nature #hills

முதலில் எமோஜி அத்தனையையும் அழித்துவிட்டு, மிச்சத்தைச் சத்தமாகப் படியுங்கள் தம்பி. ஒன்றுமே குறையவில்லை, இல்லையா? அப்படியென்றால் பதினாறும் சும்மா நின்றவைதான். அதே சமயம் கொரியர் செலவு 450க்குள் அடக்கமா, தனியா என்று அந்தப் பதினாறில் ஒன்றுகூடச் சொல்லவில்லை. வாங்க நினைப்பவர் முதலில் கேட்பது அதைத்தான். 🚚💨 பார்த்தால் பாதிப் பேர் "டெலிவரி இலவசம் போல" என்று நினைத்துக்கொள்வார்கள். பிறகு மெசேஜில் செலவைச் சொன்னதும் மறைந்துவிடுவார்கள்.

அடுத்து டேக். வாக்கியத்துக்குள் இரண்டு வைத்திருக்கிறீர்கள், இரண்டிலும் வேற்றுமை உருபு வந்து மாட்டுகிறது. #மலைப்பூண்டை என்பது #மலைப்பூண்டு அல்ல. நமக்கு ஒரே சொல், ஆப்புக்கு வேறு வேறு டேக். "மலைப்பூண்டு" டேக்கைத் தட்டி வருபவர் கண்ணில் உங்கள் பதிவு படாது. #கொடைக்கானல்-ல என்பதில் சிறுகோடு வந்த இடத்தில் டேக் முடிந்துவிடும். டேக் சரிதான், ஆனால் நீல எழுத்தும் கறுப்பு "-ல"வுமாக வாக்கியம் நொண்டுகிறது. கோடு இல்லாமல் #கொடைக்கானல்ல என்று எழுதினால் அது வேறொரு டேக். ஆங்கிலத்தில் சொல் அப்படியே நிற்கும், அதனால் வாக்கிய நடுவில் டேக் வைத்தாலும் கெடாது. தமிழில் சொல் வளைந்துகொண்டே இருக்கும். ஆகவே டேக் எல்லாம் கடைசி வரிக்குப் போகட்டும், உருபு இல்லாமல்.

இனி கடைசி வரிசைப் பத்து. ஒவ்வொன்றையும் தட்டிப் பாருங்கள். என்ன படங்கள் வருகின்றன, அந்த வரிசையில் உங்கள் பூண்டு மூட்டை பொருந்துமா? #love-ல் கல்யாணப் படம், #nature-ல் உலகத்து மலை எல்லாம். #viral, #trending தேடிப் பூண்டு வாங்க யாரும் வருவதில்லை. #garlic வெளிநாட்டுச் சமையல். #கொடை இருக்கிறதே, அதுதான் வேடிக்கை: நீங்கள் ஊரைச் சுருக்கினீர்கள், படிப்பவருக்கு அது நன்கொடை, திருநெல்வேலிப் பக்கத்தாருக்கோ அம்மன் கோயில் கொடை விழா.

வெட்டிய பின் இப்படி நிற்கும்:

> பூம்பாறை மலைப்பூண்டு, கிலோ 450 ரூபாய். கொரியர் செலவு தனி. வெள்ளிக்கிழமை வரை ஆர்டர் எடுக்கிறோம்.
> ஊரும் அளவும் எழுதி மெசேஜ் அனுப்புங்கள். 🧄
>
> #மலைப்பூண்டு #கொடைக்கானல் #malaipoondu

மூன்றாவது டேக், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுபவர்களுக்காக. "மேலும் பார்க்க" என்று ஃபேஸ்புக் மடிப்பதற்கு முன்பே பொருள், ஊர், விலை மூன்றும் வந்துவிட்டன பாருங்கள். முன்பு அந்த இடத்தில் "ஹாய் மக்களே" இருந்தது. 💯 ஒரிஜினல் என்பதையும் எடுத்துவிட்டேன். எல்லாரும் அதையே போடுகிறார்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019லேயே புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்தப் பதிவு செய்த உற்பத்தியாளர் நீங்கள் என்றால், அந்த ஒரு வரியை எழுத்தில் எழுதுங்கள்.

கொடைக்கானல், தமிழாசிரியை: "நீங்கள் 'ப்' போட்டு எழுதியிருக்கிறீர்கள். முக்கால்வாசிப் பேர் #மலைபூண்டு என்றுதான் போடுகிறார்கள். அதையும் சேர்க்கச் சொல்வீர்களோ?"

டீச்சர், மாட்டிவிட்டீர்கள். ஒற்று விட்டால் அது தனி டேக்தான், அதில் ஆள் இருப்பதும் உண்மை. வாக்கியத்தில் பிழை வேண்டாம் என்பதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. கடைசி வரியில் மட்டும், வாங்குபவர்கள் அந்த எழுத்தில்தான் தேடுகிறார்கள் என்று தெரிந்தால், #malaipoondu-வுக்குப் பதிலாக அதை வைப்பேன். இரண்டையும் ஒட்டி வைத்தால் எழுதத் தெரியாமல் இரண்டு முறை எழுதியது போல் தெரியும்.

அவரே: "டேக்கில் பிழையை விட்டால் நாளைக்கு அதுவே சரி என்றாகிவிடும். ஒப்புக்கொள்ள மாட்டேன்."

உங்கள் பக்கத்தில் நீங்கள் விடாதீர்கள் டீச்சர். கடைக்காரருக்கு நான் அவ்வளவு கண்டிப்பாகச் சொல்ல மாட்டேன்.

கூடலூர்: "டேக்கை எல்லாம் முதல் கமெண்ட்ல போட்டுட்டா கேப்ஷன் சுத்தமாயிடும். அப்புறம் எத்தனை போட்டா என்ன?"

முதல் பாதி சரி. கேப்ஷன் பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் பொருந்தாத டேக் கமெண்டுக்குப் போனாலும் பொருந்தாத டேக்தான். 2021லேயே இன்ஸ்டாகிராமின் கிரியேட்டர்ஸ் கணக்கு 3 முதல் 5 போதும் என்று எழுதியது. 2024 டிசம்பரில் டேக்கை ஃபாலோ செய்யும் வசதியையே எடுத்துவிட்டார்கள். எனவே டேக்கை நம்பிக் காத்திருக்கும் கூட்டம் முன்பு போல் இல்லை. கேப்ஷனில் உள்ள சொற்களே தேடலுக்கு உதவுகின்றன. மூன்று டேக்குக்காகக் கமெண்டைத் தேடிப் போக வேண்டியதில்லை, ஒரு வரி விட்டுக் கீழேயே போடுங்கள். தவிர, முதல் கமெண்டை நீங்கள் பிடித்துக்கொண்டால் "விலை என்ன?" என்று கேட்பவரின் கேள்வி அதற்கடியில் போய்விடும்.

குன்னூர், டீ பாக்கெட் விற்பவர்: "எங்க பிளாக் டீக்கு 🍵 போடுறோம். கஸ்டமர் ஒருத்தர் கிரீன் டீயான்னு கேக்குறார். ஏன்?"

ஏனென்றால் அந்தப் படமே கிரீன் டீதான். யூனிகோடில் அதன் பெயர் கைப்பிடி இல்லாத தேநீர்க் கோப்பை. ஜப்பான் பாணிக் கிண்ணத்தில் பச்சை நிறம் தெரியும். போனில் சின்னதாக இருப்பதால் நாம் கவனிப்பதில்லை. ☕ போடலாம் என்றால் அதைப் பலர் காபி என்று படிப்பார்கள். 🫖 கெட்டில் பொருத்தம்தான், ஆனால் அது 2020ல் வந்த எமோஜி. பழைய ஆண்ட்ராய்டு போனில் வெறும் கட்டமாகத் தெரியும். உங்கள் வாடிக்கையாளர்களில் பழைய போன்காரர்கள் நிறைய என்றால் அதுவும் வேண்டாம். "நீலகிரி பிளாக் டீ, 250 கிராம்" என்று எழுதி, இலை வேண்டுமானால் கடைசியில் ஒரு 🍃. குறிஞ்சிக்கு 🪻 போடுகிறவர்களுக்கும் இதேதான்: அது 2022ல் வந்தது, அது குறிஞ்சியும் இல்லை, ஹையாசிந்த் பூ.

உதகை: "என் அண்ணனுக்குப் பார்வை இல்லை, டாக்பேக் வெச்சுத்தான் கேக்கறார். எமோஜி உள்ள போஸ்ட் வந்தா பாதியிலயே தள்ளிடறார். ஒண்ணு ரெண்டு இருந்தாலும் தொல்லைதானா?"

ஒன்றிரண்டு தொல்லை இல்லை. எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. டாக்பேக் ஒவ்வொரு எமோஜிக்கும் அதன் பெயரைச் சொல்லும். மேலே பூண்டுத் தம்பியின் கேப்ஷன் "பூண்டு, பூண்டு, நெருப்பு" என்று ஆரம்பிக்கும். விலைக்கு வருவதற்குள் அண்ணன் தள்ளாமல் என்ன செய்வார்? வாக்கியம் முடிந்த பிறகு ஒன்று இருந்தால் செய்தி முழுதாகக் காதில் விழுந்துவிடும். நடுவில் சொருகினால் வாக்கியம் உடையும்.

எமோஜியைவிட மோசமானது 𝗢𝗢𝗧𝗬 மாதிரி அலங்கார எழுத்து. அது எழுத்துரு அல்ல, கணிதக் குறியீட்டுக்காக வைத்த வேறு எழுத்துகள். சில போன்களில் ஒவ்வொன்றாக உச்சரிக்கும், சிலவற்றில் தாண்டியே போய்விடும். கடைப் பெயரை அதில் எழுதினால் அண்ணனுக்குக் கடையே இல்லை. ஆங்கில டேக்கில் #NilgiriTea என்று ஒவ்வொரு சொல்லையும் பெரிய எழுத்தில் தொடங்கினால் பிரித்துப் படிக்கும். தேடலில் #nilgiritea-வும் அதுவும் ஒன்றே. தமிழில் பெரிய எழுத்து கிடையாதே, அதனால் நீண்ட டேக் என்றால் #நீலகிரி_தேயிலை என்று அடிக்கோடு போடுங்கள். ஆனால் ஒன்று, அடிக்கோடு போட்டதும் போடாததும் தனித்தனி டேக். ஒன்றைத் தேர்ந்தெடுத்து எப்போதும் அதையே போடுங்கள்.

குந்தா: "டேக் பண்றதைக் குறைக்கச் சொல்றீங்க. எங்க மச்சானை டேக் பண்ணலைன்னா கோவிச்சுக்குவாரே?"

நான் சொன்னது # குறியை. மச்சானுக்கு @ குறி, அது வேறு கணக்கு. அவரை விட்டுவிட வேண்டாம்.

கோத்தகிரி, ஹோம்ஸ்டே: "ஒரே வரியில முடிக்கணும்னு 🚗🎫✅ னு போடுறோம், இ-பாஸ் வேணும்னு அர்த்தம். வர்றவங்க பாஸ் இல்லாம வந்து நிக்கிறாங்க."

மூன்று படத்தையும் தெரியாதவர் கண்ணால் பாருங்கள்: கார், சீட்டு, பச்சை டிக். "பார்க்கிங் உண்டு, பாஸ் நாங்களே எடுத்துத் தருகிறோம்" என்று படித்தால் அவர் மேல் தப்பில்லை. ✅ என்றால் "முடிந்தது", "வேண்டும்" அல்ல. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. இப்படிப்பட்ட, தவறினால் சோதனைச் சாவடியில் ஆளை நிறுத்தும் செய்தியை எமோஜியிடம் ஒப்படைக்கக் கூடாது.

> வெளியூர் வண்டியில் வருபவர்கள் கிளம்பும் முன் அரசு இணையதளத்தில் இ-பாஸ் எடுத்துவிடுங்கள்.

இன்ஸ்டா கேப்ஷனில் தள முகவரியைப் போட்டாலும் தட்டினால் திறக்காது, அதனால் பயோவில் ஒரு லிங்க் வையுங்கள். விதி மாறினால் திருத்த வசதியாக இந்த வரி தனியாக நிற்கட்டும். டேக்கில் #ஊட்டி மட்டும் போடுகிறீர்கள் என்று பார்த்தேன். உங்கள் வீடு கோத்தகிரியில். ஊட்டி ஏரி பக்கத்தில் அறை தேடுபவர் வந்து ஏமாந்து போவார். #கோத்தகிரி முதலில், #நீலகிரி இரண்டாவது.

மன்னவனூர்: "வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல டேக் போட்டா வேலை செய்யுமா?"

செய்யாது. அங்கே அது வெறும் # குறி. அத்தனையையும் எடுத்துவிடுங்கள், அந்த இடத்தில் எந்த நேரத்தில் போன் செய்யலாம் என்று எழுதலாம்.

பூம்பாறைத் தம்பி மறுபடியும்: "மாத்திட்டேன் அக்கா. பழைய 80 போஸ்ட்லயும் உக்காந்து வெட்டணுமா?"

வேண்டாம். மேலே பின் செய்து வைத்திருப்பதையும், இன்னும் மெசேஜ் வந்துகொண்டிருக்கும் நாலைந்தையும் மட்டும் எடிட் செய்யுங்கள். அதிலும் டேக்குக்கு முன்னால் விலையைப் பாருங்கள். போன சீசன் விலை இன்னும் அங்கே நிற்கிறது, நான் போய்ப் பார்த்தேன்.