பரீட்சைக் காலையில் ஏன் ஓங்கரிக்கிறது?

“அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு பஸ்ஸில் போய் என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். பரீட்சை அன்று காலையில் சாப்பிட்டதும் ஓங்கரிக்கிறாள். கூடவே ரெண்டு மூணு தடவை கக்கூஸுக்கு ஓடுகிறாள். பரீட்சை முடிந்தால் சரியாகிவிடுகிறது. என் அத்தை ‘நடிக்கா’ என்கிறார். அல்சராக இருக்குமோ?”

நடிப்பு இல்லை. அந்த நேரத்தில் அவளுடைய இரைப்பை உண்மையிலேயே வேலையை மெதுவாக்கிவிடுகிறது.

இரைப்பை சாதாரணமாக நிமிஷத்துக்கு சுமார் மூன்று தடவை சுருங்கி, சாப்பாட்டை அரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்குத் தள்ளும். பயம் வந்ததும் மூளை சி.ஆர்.எஃப். என்ற ஒரு பொருளைச் சுரக்கிறது. அதன் வேலை விசித்திரமானது: இரைப்பையை ‘நில்’ என்கிறது, பெருங்குடலை ‘சீக்கிரம் காலி பண்ணு’ என்கிறது. மேலே தேக்கம், கீழே அவசரம் என்று இரண்டும் ஒரே நேரத்தில் வருவது அதனால்தான்.

அப்புறம் வயிறு மூளைக்குப் பதில் சொல்ல ஆரம்பிக்கும். இரண்டையும் இணைக்கிற வேகஸ் நரம்பின் இழைகளில் ஏறக்குறைய 80 சதவீதம் வயிற்றிலிருந்து மேலே சேதி கொண்டு போகிறவை. ‘சாப்பாடு நகரவில்லை’ என்ற சேதி மூளைத்தண்டுக்குப் போகிறது. கெட்டுப்போன மீனைச் சாப்பிட்டால் வருகிற சேதியும் அங்கேதான் போகும். இது மீனா, கணக்குப் பரீட்சையா என்று அந்த இடத்துக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. வாயில் எச்சில் ஊறும், முகம் வெளிறும், வியர்க்கும். ‘ஹாலில் வாந்தி எடுத்துவிடுவேனோ’ என்று அவள் பயப்பட, இரைப்பை இன்னும் மந்தமாகும்.

உங்கள் வீட்டுக் காலையை எடுத்துக்கொள்வோம். 8 மணி பஸ்ஸுக்கு 7.45க்குப் பூரியும் கிழங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பண்டம் சும்மாவே மெதுவாகத்தான் இறங்கும். போதாததற்கு ஒரு மணி நேர பஸ் குலுக்கல் வேறு. பயம் முற்றுகிற ஒன்பதரை மணிக்கு அது அப்படியே கிடக்கும். அதனால் ஆறரை மணிக்கே இரண்டு இட்லி, எண்ணெய் குறைவாகக் கொடுங்கள். இட்லிகூடப் பாதி இறங்க ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். ‘வெறும் வயித்தோட போகாத’ என்று கிளம்புகிற நேரத்தில் ஊட்டிவிடுவதை மட்டும் நிறுத்திவிடுங்கள். அதுதான் நான் அதிகம் பார்க்கிற தப்பு.

எச்சில் ஊற ஆரம்பித்ததுமே மூச்சை நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி மெல்ல விடச் சொல்லுங்கள். நிமிஷத்துக்கு ஆறு மூச்சு, ஐந்து நிமிஷம். மூச்சை விடும்போது வேகஸ் நரம்பின் கை ஓங்கும், இதயத் துடிப்பு தணியும். பரீட்சைக்கு ரெண்டு வாரம் முன்பே பழகினால்தான் அன்றைக்குக் கைகொடுக்கும். பதற்றத்தில் புதிதாகச் செய்தால் வேக வேகமாக மூச்சு வாங்கித் தலை சுற்றும்.

மெடிக்கலில் கேட்டு வாங்குகிற வாந்தி மாத்திரை குமட்டலை அடக்கலாம், பயத்தைத் தொடாது. சிலருக்குத் தலைவலியும் மலச்சிக்கலும் தரும். டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம்.

அல்சர் சந்தேகத்துக்கு: ஞாயிற்றுக்கிழமை அதே பூரி பிரச்சினை இல்லாமல் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் அல்சருக்கு வாய்ப்பு குறைவு. லீவு நாளிலும் ஓங்கரித்தாலும், தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, எடை குறைவது, வாந்தியில் ரத்தம், கறுத்த மலம் இவற்றில் ஒன்று இருந்தாலும், பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.