ஒரு மைக், இரண்டு மிக்சர்: டிரான்ஸ்ஃபார்மர் ஸ்பிளிட்டர் குறித்த கேள்வி பதில்

கேள்வி: டைரக்ட் அவுட்டை மெயின் மிக்சருக்குக் கொடுக்கச் சொல்பவர்களும் உண்டு, மானிட்டர் மிக்சருக்குக் கொடுக்கச் சொல்பவர்களும் உண்டு. எது சரி?

ஸ்பிளிட்டர் ஒரு மைக்கின் சிக்னலை இரண்டு மிக்சர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது: டைரக்ட் அவுட் மைக்கோடு நேராக இணைந்தது, ஐசோலேட்டட் அவுட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக வருவது. எதை எதற்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியது, மிக்சர் கேபிள் வழியாக மைக்குக்கு அனுப்பும் 48 வோல்ட் மின்சாரமான ஃபேண்டம் பவரை வைத்துத்தான். அந்த 48 வோல்ட், கனெக்டரின் 2, 3 ஆகிய இரு முனைகளிலும் சமமாக நின்று, 1ஆம் முனை வழியாகத் திரும்புகிறது. டிரான்ஸ்ஃபார்மரோ அந்த இரு முனைகளுக்கு இடையே அசையும் சிக்னலை மட்டுமே கடத்தும். நிலையான மின்னழுத்தத்தைக் கடத்தாது. ஆகவே கண்டென்சர் மைக்குக்கு உயிர் கொடுப்பது டைரக்ட் பக்கத்தில் உள்ள மிக்சர் மட்டுமே. நான் டைரக்ட் அவுட்டை மானிட்டர் மிக்சருக்கே கொடுக்கிறேன். அது மேடையை ஒட்டி இருக்கிறது, கேபிள் குட்டையானது, அரங்கின் கடைசி வரை ஓடும் மல்டிகோரை யாராவது பிடுங்கிவிட்டாலும் பாடுபவரின் காதில் ஒலி நிற்காது. பார்வையாளருக்குப் போகும் ஒலிதான் முதன்மை என்று மாற்றிக் கொடுப்பவர்களை நான் தவறு சொல்ல மாட்டேன். எதுவானாலும் இரு ஆப்பரேட்டர்களும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: இரண்டு மிக்சரிலும் 48 வோல்ட் போட்டு வைத்தால், ஒன்று அணைந்தாலும் மைக் வேலை செய்யும் அல்லவா? நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் எதுவும் கெடாது.

கேபிள் நன்றாக இருக்கும்வரை எதுவும் கெடாது என்பது சரி. மைக் வேலை செய்யும் என்பது சரியல்ல. ஐசோலேட்டட் பக்கத்து 48 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் சுருளோடு நின்றுவிடும். இரு மிக்சரிலும் அந்தச் சேனலை மியூட் செய்துவிட்டு, டைரக்ட் பக்கத்து ஃபேண்டத்தை மட்டும் அணைத்து, மீட்டரைப் பாருங்கள்: சில நொடிகளில் இரு மிக்சரிலும் சிக்னல் தேய்ந்து அடங்கிவிடும். மியூட் செய்யாமல் இதைச் செய்தால் எழும் பலத்த 'டப்' ஓசை டிரான்ஸ்ஃபார்மரையும் தாண்டிப் போகும். தவிர, ஐசோலேட்டட் பக்கத்துக் கேபிளில் ஒரு முனை ஷீல்டோடு ஒட்டியிருந்தால், அங்கே போட்ட ஃபேண்டம் சுருள் வழியாக ஓடி இரும்பை காந்தமாக்கும். பயனில்லாத அந்த 48 வோல்ட்டை அணைத்தே வைத்திருங்கள்.

கேள்வி: எல்லாச் சேனலிலும் கிரவுண்ட் லிஃப்ட் போட்டும் ஹம் போகவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டதா?

பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர் நன்றாகத்தான் இருக்கும். லிஃப்ட் சுவிட்சின் வேலை ஐசோலேட்டட் பக்கத்துக் கிரவுண்டை டைரக்ட் பக்கத்துக் கிரவுண்டிலிருந்து பிரிப்பது; அந்தப் பிரிவு வேறெங்கோ கெட்டிருக்கலாம். இதே தொல்லையை நான் 24 லைன் கொண்ட ஒரு மேடையில் சந்தித்தேன். மெயின் மிக்சருக்குப் போகும் லைன்கள் அனைத்தையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகியபோது, எட்டு வரை அமைதியாக இருந்தது. ஒன்பதாவதைச் செருகியதும் ஹம் எழுந்தது. அந்தக் கேபிளின் எக்ஸ்.எல்.ஆர். கனெக்டரைத் திறந்து பார்த்தால், 1ஆம் முனையிலிருந்து கனெக்டரின் உலோகக் கூட்டுக்கு ஒரு சிறு கம்பித் துண்டை யாரோ பற்றவைத்திருந்தார்கள். கூடு ஸ்பிளிட்டரின் பேனலைத் தொடுகிறது, பேனல் டைரக்ட் பக்கத்துக் கிரவுண்டோடு இணைந்திருக்கிறது. ஆகவே லிஃப்ட் சுவிட்ச் பிரித்ததை அந்தக் கம்பி மீண்டும் சேர்த்துவிட்டது. அதை வெட்டியதும் ஹம் நின்றது.

உங்கள் பெட்டியைச் சோதிக்க மைக்கையும் இரு மிக்சர்களையும் கழற்றிவிட்டு, லிஃப்ட் போட்ட நிலையில், டைரக்ட் அவுட்டின் 1ஆம் முனைக்கும் ஐசோலேட்டட் அவுட்டின் 1ஆம் முனைக்கும் மல்டிமீட்டரை வையுங்கள். பீப் வரக் கூடாது. பிறகு கேபிளைச் செருகி, அதன் மறுமுனையில் அதே சோதனையைச் செய்யுங்கள். இப்போது பீப் வந்தால் குற்றவாளி அந்தக் கேபிள்தான். ஹம்மை நிறுத்த மிக்சரின் பவர் கார்டில் உள்ள எர்த்தை மட்டும் ஒருபோதும் துண்டிக்காதீர்கள். மைக்கில் உதடு படும் பாடகரின் உயிர் அதில் இருக்கிறது.

கேள்வி: மானிட்டர்காரர் கெயினைக் கூட்டினால் மெயினிலும் கூடி ஃபீட்பேக் வருகிறது. எங்கள் ஸ்பிளிட்டர் சரியில்லையோ?

நீங்கள் சொல்வது, இரு டிஜிட்டல் மிக்சர்கள் ஒரே ஸ்டேஜ் பாக்ஸின் பிரீஆம்பைப் பகிர்ந்துகொள்ளும் அமைப்பு. டிரான்ஸ்ஃபார்மர் ஸ்பிளிட்டில் ஆளுக்கொரு பிரீஆம்ப் இருப்பதால் ஒருவர் கெயின் மற்றவரைத் தொடாது.

கேள்வி: ஐசோலேட்டட் பக்கம் ஷார்ட் ஆனாலும் டைரக்ட் பக்கம் பாதிக்காது என்று பலரும் சொல்கிறார்கள். 2, 3 முனைகளை ஷார்ட் செய்து பார்த்தேன். இரு பக்கமும் அடங்கிவிட்டது. லோடையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

நீங்கள் கண்டது சரி. 1:1 சுருளில் ஒரு பக்கத்து ஷார்ட் மறுபக்கத்திலும் ஏறக்குறைய ஷார்ட்டாகவே தெரியும். நடுவே தடை வைத்த பெட்டியானால் பாதிப்பு குறையும். ஒரு முனை மட்டும் கிரவுண்டைத் தொட்டால் டைரக்ட் பக்கம் தப்பிக்கும்.

லோடைப் பொறுத்தவரை, 150 ஓம் மைக் 2,000 ஓம் கொண்ட ஒரு பிரீஆம்புக்குப் பதிலாக அத்தகைய இரண்டைச் சுமக்கும்போது 1,000 ஓமைக் காண்கிறது. இழப்பு சுமார் 0.6 டெசிபெல், கெயினில் ஈடுகட்டலாம். ஆனால் லோடு மாறினால் ஒலியின் தன்மையே மாறும் டைனமிக், ரிப்பன் மைக்குகளும் உண்டு. அவற்றுக்கு இந்தக் கணக்கு மட்டும் போதாது. உங்களிடம் அப்படி ஒரு மைக் இருந்தால், ஸ்பிளிட்டுடனும் இல்லாமலும் ஒரே குரலைப் பதிவு செய்து, அளவைச் சமமாக்கி ஒப்பிட்டு எழுதுங்கள்.