'யாயும் ஞாயும்' பாட்டை அழைப்பிதழில் போடலாமா?

ஐயா, தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். அழைப்பிதழின் முகப்பில் 'யாயும் ஞாயும் யாரா கியரோ' என்ற குறுந்தொகைப் பாட்டைப் போட ஆசைப்படுகிறோம். சம்பந்தி வீட்டில் ஒருவர் புத்தகத்தைப் பிரித்துக் காட்டி, 'பாட்டுக்கு மேலே பிரிவர் எனக் கருதி அஞ்சிய என்று இருக்கிறது, பிரிவைப் பற்றிய பாட்டைக் கல்யாணத்துக்குப் போடலாமா?' என்று கேட்டுவிட்டார். மகளோ, மணப்பெண் சொல்வதுபோல் தன் பெயருக்குக் கீழே போட வேண்டும் என்கிறாள். புத்தகத்தில் 'தலைமகன் கூறியது' என்று இருக்கிறது. என்ன செய்வது?

தாராளமாகப் போடுங்கள். மகள் விரும்புகிறபடியே போடலாம். சம்பந்தி வீட்டாருக்கு எப்படி எடுத்துச் சொல்வது என்பதற்காகத்தான் மேற்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் பாட்டையும் குறிப்பையும் தனித்தனியே பிரித்து வையுங்கள். பாட்டு இவ்வளவுதான்:

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி யறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே.

என் தாயும் உன் தாயும் ஒருவருக்கொருவர் யார்? என் தந்தையும் உன் தந்தையும் எந்த வகையில் உறவு? நானும் நீயும் ஒருவரை ஒருவர் எப்படி அறிந்தோம்? செம்மண்ணில் பெய்த மழைநீர்போல அன்புடைய நெஞ்சங்கள் தாமாகவே கலந்துவிட்டன. பிரிவு என்ற சொல்லோ அச்சம் என்ற சொல்லோ இந்த ஐந்து அடிகளில் எங்கும் இல்லை.

உங்கள் சம்பந்தி வீட்டார் படித்தது குறிப்பை. அது இப்படி இருக்கும்: 'இயற்கைப் புணர்ச்சி புணர்ந்த பின்னர், பிரிவர் எனக் கருதி அஞ்சிய தலைமகள் குறிப்பு வேறுபாடு கண்டு, தலைமகன் கூறியது.' இதைத் துறைக் குறிப்பு என்போம்; கூற்று என்றும் சொல்வதுண்டு. இருவரும் முதன்முதலாகத் தனியே கூடிய பிறகு, 'இவர் நம்மை விட்டுப் போய்விடுவாரோ' என்று அவள் அஞ்சுகிறாள். அந்த அச்சம் முகத்தில் தெரிகிறது. அதைப் பார்த்துவிட்டு அவன் இந்தப் பாட்டைச் சொல்கிறான். ஆக, குறிப்பை அப்படியே ஏற்றாலும் இங்கே யாரும் பிரியவில்லை. 'பிரிவர்' என்பது அவள் மனத்தில் எழுந்த ஐயம். பாட்டு அந்த ஐயத்துக்கு அவன் தரும் பதில். யாரும் சேர்த்து வைக்காமல் தாமே கலந்தவற்றை யார் பிரிக்க முடியும் என்று சொல்கிற பாட்டு மணவிழாவுக்கு எந்த வகையிலும் ஆகாததன்று.

இப்போது மகளுடைய கேள்வி. இந்தக் குறிப்பைப் பாட்டு எழுதிய புலவர் எழுதவில்லை. அதற்கான சான்று புலவரின் பெயரிலேயே இருக்கிறது. நூலில் அவர் பெயர் செம்புலப்பெயனீரார். அது பெற்றோர் வைத்த பெயர் அன்று. இயற்பெயர் தெரியாததால், பாட்டில் வரும் 'செம்புலப் பெயனீர்' என்ற உவமையையே பெயராக்கிவிட்டார்கள். புலவரின் பெயரே எட்டாத தொலைவில் நின்றவர்களுக்கு, அவர் எந்தச் சூழலை நினைத்துப் பாடினார் என்பது மட்டும் நேரடியாகத் தெரிந்திருக்க வழியில்லை. அகப்பொருள் இலக்கணம் நன்கு அறிந்த பழைய வாசகர் ஒருவர், 'இது இன்ன இடத்தில் இன்னார் சொன்னதாக இருக்கலாம்' என்று படித்த படிப்பு அது. பழைய படிப்பு, மதிக்க வேண்டிய படிப்பு. குறுந்தொகையில் 380 பாட்டுகளுக்குப் பேராசிரியரும் எஞ்சிய 20 பாட்டுகளுக்கு நச்சினார்க்கினியரும் எழுதிய உரைகள் இருந்தன என்று தெரிகிறது. அவை கிடைத்திருந்தால் இன்ன சொல்லால் இன்ன துறை என்ற காரணம் நமக்குத் தெரிந்திருக்கும். உரைகள் போய்விட்டன, குறிப்பு மட்டும் தங்கிவிட்டது.

பேசுவது ஆணா பெண்ணா என்று காட்டும் சொல் பாட்டுக்குள் ஒன்றும் இல்லை. 'யாய்' என் தாய், 'ஞாய்' உன் தாய், 'யான்', 'நீ' எல்லாம் இருபாலருக்கும் பொது. மற்ற பல பாட்டுகளில் 'சேர்ப்ப', 'நாட' என்றோ, 'வாழி தோழி' என்றோ ஒரு விளி வந்து ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். இங்கே அது இல்லை. குறிப்பை எடுத்துவிட்டுப் படித்தால் அவளும் சொல்லலாம், அவனும் சொல்லலாம், இருவரும் சேர்ந்தே வியக்கலாம். குறிப்போடு படித்தால் ஆறுதல். குறிப்பில்லாமல் படித்தால் வியப்பு. சொல் ஒன்றும் மாறவில்லை, தொனி மாறுகிறது. உங்கள் மகள் தன் குரலில் வைத்துக்கொள்வதைத் தடுக்கப் பாட்டில் எதுவும் இல்லை.

பள்ளித் தேர்வில் மட்டும் இப்படி எழுதிவிட முடியாது. 'இப்பாடல் யார் கூற்று?' என்று ஒரு மதிப்பெண் வினா வரும். 'தலைவன்' என்று எழுதினால்தான் அந்த ஒரு மதிப்பெண். நான் விடைத்தாள் திருத்திய ஆண்டுகளில் ஒரு மாணவி, 'பாட்டில் சொல்லப்படவில்லை. குறிப்பின்படி தலைவன்' என்று எழுதியிருந்தாள். அதைவிடச் சரியான விடை கிடையாது. விடைக்குறிப்பில் அப்படி இல்லை என்று அவளுக்குப் பூச்சியம் போடச் சொன்னார்கள். இன்றும் அது எனக்கு ஆறவில்லை. பாட்டைப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்குப் பூச்சியம் போட்டுவிட்டு, குறிப்பை மனப்பாடம் செய்தவனுக்கு மதிப்பெண் கொடுத்தால், பாட்டு எது குறிப்பு எது என்று வளர்ந்தவர்களுக்கும் தெரியாமல்தான் போகும்.

இன்னொரு குழப்பம் 'குறிஞ்சி' என்ற தலைப்பு. உங்கள் புத்தகத்திலும் பாட்டுக்கு மேலே அது இருக்கலாம். இந்தப் பாட்டில் மலை இல்லை, தினைப்புனம் இல்லை, குறிஞ்சிப் பூவும் இல்லை. இயற்கைப் புணர்ச்சி என்று குறிப்பு சொல்கிறது. புணர்தல் குறிஞ்சிக்கு உரியது. ஆகவே குறிஞ்சி என்று பதிப்பாளர்கள் வகுத்துவிட்டார்கள். அதன் பிறகு கைட் போடுகிறவர்கள் வந்து, 'இது குறிஞ்சித் திணை, ஆகவே புணர்ச்சிக்குப் பின் தலைவன் கூற்றே' என்று எழுதுகிறார்கள். குறிப்பிலிருந்து பிறந்த தலைப்பையே குறிப்புக்குச் சாட்சியாக நிறுத்துகிற வேலை இது. இதற்கு ஏமாந்துவிடாதீர்கள்.

திணைத் தலைப்பு எல்லாமே அச்சுக்காரர் ஒட்டியது என்றும் நினைத்துவிட வேண்டாம். அகநானூறு விலக்கு. அதில் பாட்டின் எண்ணுக்குள்ளேயே திணை இருக்கிறது. ஒற்றைப்படை எண் எல்லாம் பாலை. எண் 2 அல்லது 8இல் முடிந்தால் குறிஞ்சி, 4இல் முடிந்தால் முல்லை, 6இல் முடிந்தால் மருதம், சுழியில் முடிந்தால் நெய்தல். 37 பாலை, 48 குறிஞ்சி, 54 முல்லை, 66 மருதம், 70 நெய்தல் என்று புத்தகத்தைத் திறக்காமலே சொல்லிவிடலாம். 400 பாட்டில் பாலை 200, குறிஞ்சி 80, மற்ற மூன்றும் நாற்பது நாற்பது. தொகுத்தவர் இப்படித் திட்டமிட்டே அடுக்கியிருக்கிறார். அங்கே திணை என்பது அச்சேறியபோது வந்த ஒட்டு அன்று, தொகுப்பின் எலும்புக்கூடு. அதை உருவிவிட்டுப் படிக்க முடியாது. அங்கும் அது தொகுத்தவரின் முடிவே தவிர, பாடியவரின் முடிவு அன்று. 1915இல் முதலில் அச்சேறி, 1937இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பாகவும் வந்த குறுந்தொகையில் இப்படி எண்ணில் பூட்டிய வரிசை கிடையாது. அகநானூற்றை வைத்துக் குறுந்தொகைக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

உங்கள் சம்பந்தி வீட்டார் உண்மையில் கவலைப்பட வேண்டிய பாட்டு வேறொன்று இருக்கிறது. அழைப்பிதழ்க் கடைகளில் 'சங்கப் பாடல் பேக்கேஜ்' என்று மாதிரி காட்டுகிறவர்கள் இதற்கு அடுத்தபடியாக எடுத்து நீட்டுவது குறுந்தொகை 49, அம்மூவனார் பாட்டு: 'இம்மை மாறி மறுமை யாயினும் நீயா கியரென் கணவனை, யானா கியர்நின் னெஞ்சுநேர் பவளே.' இந்தப் பிறவி போய் மறுபிறவி வந்தாலும் நீயே என் கணவன் ஆகுக, உன் நெஞ்சுக்கு ஒத்தவள் நானே ஆகுக. கேட்பதற்கு இதைவிட நல்ல மணவாழ்த்து இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் இதன் குறிப்பு, தலைவன் பரத்தையிடம் பிரிந்துபோய்த் திரும்பி வந்தபோது தலைவி சொன்னது என்கிறது.

இங்கே குறிப்பை எளிதில் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் பாட்டுக்குள் ஒரு சொல் அதைக் கேட்கிறது. 'உன் நெஞ்சுக்கு ஒத்தவள் நான் ஆகுக' என்று ஒருத்தி மறுபிறவிக்கு வேண்டினால், இந்தப் பிறவியில் அந்த இடத்தில் வேறு யாரோ இருக்கிறார்கள் என்ற வலி அதற்குள் நிற்கலாம். குறிப்பு எழுதியவர் அந்தச் சொல்லைப் பிடித்துத்தான் பரத்தையைக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. நீங்கள் கேட்ட 'யாயும் ஞாயும்' குறுந்தொகையின் 40ஆம் பாட்டு; அதில் குறிப்பை எடுத்துவிட்டால் எந்தச் சொல்லும் அநாதையாகாது. 49இல் இந்த ஒரு சொல் தவிக்கிறது. எந்தப் பாட்டானாலும் இதை மட்டும் சோதித்துப் பாருங்கள்: குறிப்பை மூடிக்கொண்டு இரண்டு முறை படியுங்கள், பிறகு திறந்து, அது பாட்டில் எந்தச் சொல்லுக்கு விளக்கம் ஆகிறது என்று தேடுங்கள். ஒரு சொல் அகப்பட்டால் குறிப்பைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். அகப்படாவிட்டால் அது ஒரு வாசகர் கருத்து.

இன்னொன்று: 49இன் துறை ஊடலைச் சேர்ந்தது, அது மருதத்துக்கு உரியது. ஆனால் பாட்டில் கடலும் முண்டகச் செடியும் 'சேர்ப்ப' என்ற விளியும் வருவதால் தலைப்பு நெய்தல் என்று அச்சாகிறது. 40க்குத் துறையைப் பார்த்துத் திணை, 49க்கு நிலத்தைப் பார்த்துத் திணை. இரண்டுக்கும் இலக்கணத்தில் இடம் உண்டு. எதைப் பார்த்துப் போட்டோம் என்று சொல்லாமல் போடுவதுதான் படிக்கிறவரைத் திசைதிருப்புகிறது.

கடைசியாக அச்சு வேலை. பாட்டை இணையப் பக்கத்திலிருந்து அப்படியே எடுத்துக் கொடுக்காதீர்கள். பல பக்கங்களில் குறிப்பும் பாட்டும் ஒரே பத்தியாக ஒட்டிக்கிடக்கின்றன. 'தலைமகன் கூறியது' என்பதையும் பாட்டின் முதல் அடிபோல அச்சடித்த ஓர் அழைப்பிதழ் என் கைக்கே வந்தது. மெய்ப்பு வந்ததும் 'ஞாயும்' என்ற சொல்லை எழுத்துக்கூட்டிப் பாருங்கள். அது 'நாயும்' என்று விழுந்தால் முகப்பே பாழாகிவிடும், கடைக்காரர் பொறுப்பேற்க மாட்டார். 'பெயனீர்', 'பெயல்நீர்' இரண்டும் சரி. சேர்த்தும் பிரித்தும் எழுதுவதுதான் வேறுபாடு. கீழே 'குறுந்தொகை 40, செம்புலப்பெயனீரார்' என்று மட்டும் போடுங்கள். திணையும் கூற்றும் வேண்டாம். அந்த இடத்தில் உங்கள் மகள் பெயர் இருக்கட்டும்.