ஒரே வட்டத்திலிருந்து வரும் ரெஃபரல்

கேள்வி: பெங்களூரில் 6 வருடமாக மேனுவல் டெஸ்டிங் வேலை. இதுவரை பார்த்த இரண்டு வேலையும் காலேஜ் சீனியர்கள் ரெஃபர் செய்து கிடைத்தவை. ரூம், மதியச் சாப்பாடு, சனிக்கிழமை கிரிக்கெட் எல்லாம் நம்ம தமிழ்ப் பசங்களோடுதான். பெர்ஃபார்மன்ஸ் டெஸ்டிங் பக்கம் போகப் பார்க்கிறேன். ஆனால் க்ரூப்பில் வருவது அதே நாலு கம்பெனி, அதே மேனுவல் வேலை. வெளியே பழக ஆரம்பித்தால் "ஆள் மாறிட்டான்" என்பார்கள். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் க்ரூப்பில் இருப்பவர்கள் தமிழர்கள் என்பதில் சிக்கல் இல்லை. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், சிக்கல் அங்கேதான். கடைசியாக உங்களுக்கு வேலைச் செய்தி சொன்ன பத்துப் பேரை ஒரு தாளில் எழுதுங்கள். ஒருவரையொருவர் அறிந்தவர்களுக்கு இடையே கோடு போடுங்கள். தாள் முழுக்கக் கோடாக இருந்தால், பத்துப் பேர் வழியாக வந்தாலும் அது ஒரே செய்திதான்.

சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் இதைப் பற்றி எழுதினார். பாஸ்டன் அருகே, தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் ஆறில் ஒருவர்தான். மற்றவர்களுக்கு உதவியது எப்போதாவது பார்க்கிற பழைய சக ஊழியர், முன்னாள் மேனேஜர் மாதிரியான ஆட்கள். 2022-ல் லிங்க்ட்இன் பயனர்கள் சுமார் 2 கோடிப் பேரை வைத்து வந்த ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது, ஒரு திருத்தத்தோடு: நெருங்கிய நண்பரும் இல்லை, முன்பின் தெரியாதவரும் இல்லை, நடுவில் இருக்கிறவர்தான் அதிகம் பயன்படுகிறார். அதனால் கண்ணில் பட்டவருக்கெல்லாம் கனெக்ஷன் ரிக்வெஸ்ட் அனுப்புவது வீண்.

வட்டம் எப்படி ஆளைக் கட்டிப்போடும் என்பதற்கு மும்பை தாதர் நல்ல சாட்சி. பொருளாதார ஆய்வாளர்கள் கைவன் முன்ஷியும் மார்க் ரோசன்ஸ்வைக்கும் அங்கே பள்ளிச் சேர்க்கையை ஆராய்ந்து 2006-ல் எழுதினார்கள். சில சாதிகளில் தலைமுறையாக ஆண்களுக்கு ஆலை, தொழிற்சாலை வேலை சொந்தக்காரர் சிபாரிசில் கிடைத்து வந்தது. 1990-களில் ஆங்கிலம் படித்தவர்களுக்குச் சம்பளம் ஏறியபோதும், அந்த வீடுகளில் பையன்களைப் பெரும்பாலும் மராத்தி வழிப் பள்ளிக்கே அனுப்பினார்கள். சிபாரிசு எதுவும் கிடைக்காத பெண் பிள்ளைகளோ வேகமாக ஆங்கில வழிக்கு மாறினார்கள். பையன்களைப் பிடித்து வைத்தது நன்றாக வேலை செய்த வட்டம்தான்! உங்கள் சீனியர்களும் அப்படித்தான். அவர்களுக்குக் கைவந்த வேலைக்குத்தான் அவர்களால் ஆள் சேர்க்க முடியும்.

சரி, முதல் அடி எங்கே? உங்கள் ஆபீஸிலேயே. ரிலீஸுக்கு முன் லோடு டெஸ்ட் யார் ஓட்டுகிறார்கள் என்று பாருங்கள். வேறு டீமில் ஒரு தெலுங்குக்காரரோ வங்காளியோ இருப்பார். அவரிடம் "ஓப்பனிங் இருக்கா?" என்று கேட்காதீர்கள், இல்லை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார். "போன ரிலீஸில் லாகின் பக்கம் மெதுவானதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேளுங்கள், 20 நிமிடம் பேசுவார். அவர் சொன்னதை வைத்து, அனுமதி வாங்கி, டெஸ்ட் சர்வரில் ஜேமீட்டர் என்ற லோடு டெஸ்ட் டூலில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, இரண்டு வாரத்தில் முடிவைக் காட்டுங்கள். இந்த இரண்டாவது சந்திப்பைத்தான் பலரும் விட்டுவிடுவார்கள். வெறும் அறிமுகமானவர் ரெஸ்யூமே ஃபார்வர்ட் செய்வதோடு சரி. உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்தவர்தான் "இவனை எடுக்கலாம்" என்று சொல்வார். பிறகு வருடத்துக்கு இரண்டு மூன்று மெசேஜ் போதும்.

சாப்பாட்டு மேஜையையும் கொஞ்சம் கவனியுங்கள். நாலு பேர் தமிழில் பேசிச் சிரிக்கும்போது ஐந்தாவதாக வந்து உட்கார்ந்த ஒடியாக்காரர், இரண்டு நாள் பார்த்துவிட்டு வேறு மேஜைக்குப் போய்விடுவார். யாரும் அவரை விரட்டவில்லைதான். ஆனால் அவர் டீமில் இடம் காலியானால் உங்களுக்கு எப்படித் தெரியும்? வாரம் இரண்டு நாள் வேறு மேஜையில் சாப்பிடுங்கள், கன்னடமும் கொஞ்சம் பழகுங்கள்.

பழைய வட்டத்தை விடவே கூடாது. வீட்டு அட்வான்ஸுக்குக் கைமாற்று, ராத்திரி ஆஸ்பத்திரிக்குத் துணை, ஒரு கம்பெனியில் உண்மையான சம்பளம் என்ன, மேனேஜர் எப்படி என்பதெல்லாம் அவர்களிடம்தான் கிடைக்கும். ஆனால் எல்லோருமே மேனுவல் டெஸ்டிங் என்பதால், ஆட்குறைப்பு வந்தால் ஒரே மாதத்தில் எல்லோரும் வேலை தேடுவார்கள். அன்று ஒருவருக்கொருவர் ரெஃபர் செய்ய ஆள் இருக்காது.

"ஆள் மாறிட்டான்" என்ற பேச்சு, சும்மா காணாமல் போனால்தான் வரும். வெளியே கேள்விப்படும் ஓப்பனிங்குகளை க்ரூப்பில் போடுங்கள், ஜேமீட்டர் கற்க விருப்பமுள்ள ஜூனியரை உங்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை கிரிக்கெட்டை மட்டும் தவறவிடாதீர்கள்.