ஈவுத்தொகைக்கு வரி: 10 சதவீதம் பிடித்ததோடு கணக்கு முடிந்துவிடுமா?

கேள்வி: தனியார் நிறுவனத்தில் வேலை. நிலைக்கழிவு போக ஆண்டு வருமானம் 17 லட்சம். புதிய வரிமுறையில் இருக்கிறேன். 2025 ஏப்ரலில் 6 லட்சம் ரூபாய் தனிநபர் கடன் வாங்கிப் பங்குகளில் போட்டேன். மாதத் தவணை 13,347 ரூபாய். 2025-26ல் மூன்று கம்பெனிகளிலிருந்து டிவிடெண்ட் வந்தது. ஒரு கம்பெனி ஆகஸ்டில் 8,000 ரூபாயை முழுசாகப் போட்டது. பிப்ரவரியில் 16,000 அறிவித்துவிட்டு 13,600தான் போட்டது. பிடித்தம் 10 சதவீதம் என்கிறார்கள், எனக்கு மட்டும் ஏன் 15? இரண்டாவது கம்பெனி 9,000 ரூபாயைப் பிடித்தமில்லாமல் தந்தது. மூன்றாவதில் 17,000க்கு 1,700 பிடித்தார்கள். கடனுக்குக் கட்டியது வந்த டிவிடெண்டைவிட மூன்று மடங்கு. அதைக் கழித்தால் வரியே வராதுதானே? பிடித்ததைத் திரும்ப வாங்க முடியுமா? என் அம்மாவுக்கும் (வயது 68, ஓய்வூதியம் ஆண்டுக்கு 2.4 லட்சம்) ஒரு கம்பெனி 36,000 ரூபாயில் 3,600 பிடித்துவிட்டது. அதற்கு என்ன வழி?

பதில்: பிடித்தம் சரியாகத்தான் நடந்திருக்கிறது. ஆனால் வரி உண்டு. திரும்ப வாங்குவது இருக்கட்டும், நீங்கள் இன்னும் கொஞ்சம் கட்ட வேண்டியிருக்கும்.

முதலில் அந்த 15 சதவீதம். ஒரு கம்பெனி ஒரு தனிநபருக்கு ஒரு நிதியாண்டில் தரும் ஈவுத்தொகை மொத்தம் 10,000 ரூபாயைத் தாண்டாதவரை பிடித்தம் கிடையாது. 2025 மார்ச் வரை இந்த வரம்பு 5,000 ஆக இருந்தது. ஏப்ரல் முதல் இரட்டிப்பாக்கினார்கள். வரம்பைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது, முழுத் தொகைக்கும் 10 சதவீதம். ஆகஸ்டில் உங்களுக்கு வந்தது 8,000, வரம்புக்குள் இருந்ததால் விட்டுவிட்டார்கள். பிப்ரவரியில் இன்னொரு 16,000 சேர்ந்ததும் மொத்தம் 24,000 ஆயிற்று. அதற்கு 10 சதவீதம் 2,400. ஆகஸ்டில் பிடிக்காமல் விட்டதையும் சேர்த்துப் பிப்ரவரித் தொகையில் கழித்துக்கொண்டார்கள். அந்த ஒரு வரவை மட்டும் பார்ப்பதால்தான் உங்கள் கண்ணுக்கு 15 சதவீதமாகத் தெரிகிறது. (பான் எண் இணைக்காத கணக்காக இருந்தால் நிஜமாகவே 20 சதவீதம் பிடித்திருப்பார்கள்.)

வரம்பு கம்பெனிக்குக் கம்பெனி தனித்தனி. அதனால்தான் இரண்டாவது கம்பெனியின் 9,000 தப்பியது. தப்பியது பிடித்தத்திலிருந்து மட்டும்தான், வரியிலிருந்து அல்ல. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். பிடித்தமில்லாமல் வந்தால் வரியில்லாத பணம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 2020 மார்ச் வரை கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது: கம்பெனியே பங்கீட்டு வரி கட்டிவிடும், சாதாரண முதலீட்டாளர் கையில் வரி கிடையாது. 2020 ஏப்ரல் 1 முதல் அந்த ஏற்பாடு போய்விட்டது. இப்போது ஈவுத்தொகை முழுவதும் உங்கள் வருமானம். அது ‘இதர வருமானம்’ என்ற தலைப்பில் சம்பளத்தோடு சேர்ந்து, உங்கள் வரி அடுக்குக்கு ஏற்ற விகிதத்தில் வரிக்குள்ளாகும். 10 சதவீதம் என்பது முன்பணம் மாதிரி. உங்கள் அடுக்கு 20 சதவீதம் என்றால் மீதியை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

இனிக் கடன். மாதம் 13,347 வீதம் ஆண்டுக்கு ஏறக்குறைய 1.6 லட்சம் கட்டியிருக்கிறீர்கள். அதில் அசலும் இருக்கிறது. அசலுக்குக் கழிவு என்ற பேச்சே இல்லை. 12 சதவீத வட்டி, ஐந்தாண்டுக் கடன் என்று வைத்துக்கொண்டால் முதல் ஆண்டில் வட்டி மட்டும் சுமார் 67,000 ரூபாய் வரும். சரியான எண்ணை வங்கி தரும் வட்டிச் சான்றிதழில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த 67,000ஐயும் முழுதாகக் கழிக்க முடியாது. வருமான வரிச் சட்டம் 1961ன் 57ஆம் பிரிவு, ஈவுத்தொகைக்கு எதிராக ஒரே ஒரு செலவைத்தான் அனுமதிக்கிறது. அது வட்டி. அதற்கும் ஒரு மூடி போட்டிருக்கிறது: அந்த ஆண்டு உங்கள் வருமானத்தில் சேர்ந்த மொத்த ஈவுத்தொகையில் 20 சதவீதத்துக்கு மேல் கூடாது. டீமேட் கணக்கின் ஆண்டுக் கட்டணம், தரகு, ஆலோசகருக்குக் கொடுத்த கட்டணம் எதற்கும் இடமில்லை. வட்டிக் கழிவு புதிய வரிமுறையிலும் கிடைக்கும். புதிய முறையில் எந்தக் கழிவும் கிடையாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு இதையும் விட்டுவிடாதீர்கள்.

உங்கள் எண்களைப் போட்டுப் பார்ப்போம். மூன்று கம்பெனிகளின் ஈவுத்தொகை 24,000, 9,000, 17,000. ஆக மொத்தம் 50,000. இதில் 20 சதவீதம் 10,000. வட்டி 67,000 ஆனாலும் கழியப்போவது 10,000 மட்டும். மிச்சம் 40,000 உங்கள் 17 லட்சத்தோடு சேரும். 2025-26 புதிய முறையில் 16 முதல் 20 லட்சம் வரையிலான அடுக்குக்கு 20 சதவீதம். ஆக வரி 8,000, அதன்மேல் 4 சதவீத செஸ் 320, மொத்தம் 8,320 ரூபாய். ஏற்கெனவே பிடித்தது 2,400ம் 1,700ம், அதாவது 4,100. நீங்கள் கட்ட வேண்டிய மீதி 4,220 ரூபாய். சம்பளத்துக்கான வரியை உங்கள் நிறுவனம் முழுதாகப் பிடித்துவிட்டது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். மீதி 10,000க்குக் கீழே இருப்பதால் முன்கூட்டிய வரி கட்டவில்லையே என்ற கவலை வேண்டாம்.

கழியாமல் நின்ற 57,000 ரூபாய் வட்டி? அதைச் சம்பளத்தில் கழிக்க முடியாது, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. பங்கை விற்கும்போது வாங்கிய விலையோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். அது வழக்காடிக்கொண்டிருக்கும் சமாச்சாரம். ஒரு பட்டயக் கணக்காளரிடம் உட்கார்ந்து பேசாமல் அதில் கைவைக்காதீர்கள். கேட்காமலே ஒன்று சொல்கிறேன்: 12 சதவீத வட்டிக்கு வாங்கிய பணத்தில் டிவிடெண்டுக்காகப் பங்கு வாங்குவது இந்த 20 சதவீத மூடியோடு சேர்த்துப் பார்த்தால் கட்டுப்படியாகாத வியாபாரம். பங்கின் விலை ஏறினால்தான் உண்டு.

அந்த 10,000ஐக் கோருவதற்கும் ஆதாரம் வேண்டும். கடன் தொகை உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்த நாளையும், அங்கிருந்து தரகரிடம் போய்ப் பங்கு வாங்கிய நாளையும் காட்டும் கணக்கு அறிக்கையை எடுத்து வையுங்கள். தனிநபர் கடன் என்பதால் எதற்குச் செலவழித்தீர்கள் என்று கடன் பத்திரமே சொல்லாது. 6 லட்சத்தில் ஒரு பகுதி வீட்டுச் செலவுக்குப் போயிருந்தால் அந்த விகிதத்து வட்டியைத் தள்ளிவிட்டுத்தான் கணக்கிட வேண்டும். உங்கள் விஷயத்தில் பாதித் தொகை வேறு வழியில் போயிருந்தாலும் மிச்ச வட்டி 10,000ஐத் தாண்டும், எனவே முடிவு மாறாது.

ரிட்டர்ன் போடும்போது படிவத்தைப் பார்த்து எடுங்கள். இந்த வட்டிக் கழிவு கேட்பவர் ஐடிஆர்-1 போட முடியாது, ஐடிஆர்-2 வேண்டும். ஈவுத்தொகையை எழுதுமிடத்தில் வங்கியில் வந்த 45,900ஐ எழுதாமல் பிடித்தத்துக்கு முந்தைய 50,000ஐ எழுதுங்கள். வங்கிப் புத்தகத்தைப் பார்த்து எழுதுபவர்கள் செய்யும் வழக்கமான தவறு இது. வரியைக் குறைத்துக் காட்டிவிட்டு, பிடித்த 4,100க்கும் உரிமை கேட்கிற மாதிரி ஆகிவிடும். பிடித்தமில்லாத அந்த 9,000ம் ஒளிந்திருக்காது. கம்பெனிகள் தாங்கள் கொடுத்த ஈவுத்தொகைப் பட்டியலை வரித்துறைக்குத் தனியாக அனுப்புகின்றன; அது ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையில் உங்கள் பெயருக்கு நேரே நிற்கும். பிடித்தம் 26ஏஎஸ் படிவத்தில் தெரியும். கடைசிக் காலாண்டுக்கான கணக்கைக் கம்பெனி தாக்கல் செய்ய மே 31 வரை அவகாசம் இருப்பதால், பிப்ரவரியில் பிடித்த 2,400 அதில் ஏறியிருக்கிறதா என்று ஜூனில் பார்த்துவிட்டு ரிட்டர்ன் போடுவது நல்லது. ஏறவில்லை என்றால் கம்பெனியின் பங்குப் பதிவாளருக்கு எழுதுங்கள்.

இந்தக் கணக்கு 2025-26க்கு உரியது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டது. அந்த ஆண்டிலிருந்து ஈவுத்தொகைக்கான வட்டிக் கழிவையே எடுத்துவிட 2026 பட்ஜெட்டில் முன்மொழிந்தார்கள். எனவே அடுத்த ஆண்டும் 20 சதவீதம் கழியும் என்று இப்போதே மனக்கணக்குப் போடாதீர்கள்.

அம்மா விஷயம் எளிது. ஓய்வூதியமும் ஈவுத்தொகையும் சேர்ந்து 2.76 லட்சம், எந்த வரிமுறையில் பார்த்தாலும் அவருக்கு வரி இல்லை. ஆகவே பிடித்த 3,600ம் அவருக்கே சேர வேண்டியது. கம்பெனி அதை வரித்துறைக்குக் கட்டிவிட்டதால் கம்பெனியிடம் கேட்டுப் பயனில்லை. வருமானம் குறைவு, ரிட்டர்ன் தேவையில்லை என்று விட்டுவிடாமல் 2025-26க்கு ஐடிஆர்-1 போடுங்கள். 36,000ஐ முழுதாகக் காட்டினால் 3,600 அவர் வங்கிக் கணக்குக்குத் திரும்பும். அந்தக் கணக்கை வரித்துறை இணையதளத்தில் முன்கூட்டியே சரிபார்த்து வைத்திருக்க வேண்டும், அது இல்லாமல் பணம் வராது.

இது முதலிலேயே நடக்காமல் தடுத்திருக்கலாம். 60 வயது கடந்தவர், வரி வராது என்ற உறுதிமொழியை 15எச் படிவத்தில் கம்பெனிக்குக் கொடுத்திருந்தால் பிடிக்க மாட்டார்கள். அதை ஒரே இடத்தில் கொடுத்து முடிக்க முடியாது. பங்கு வைத்திருக்கும் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு நிதியாண்டும் கொடுக்க வேண்டும். டிவிடெண்ட் அறிவித்ததும் பதிவாளர் அனுப்பும் மின்னஞ்சலில் கடைசித் தேதி இருக்கும், அது பணம் வரும் நாளுக்குப் பல நாள் முன்னதாகவே முடிந்துவிடும். அம்மாவின் டீமேட் கணக்கில் இருப்பது அவர் திறந்தே பார்க்காத பழைய மின்னஞ்சல் முகவரியா என்று முதலில் பாருங்கள். 2026-27 முதல் புதிய சட்டத்தில் படிவ எண்கள் மாறுகின்றன. அந்த மின்னஞ்சலில் எந்தப் படிவம் கேட்கிறார்களோ அதையே நிரப்பி அனுப்புங்கள்.