வாசலிலிருந்து நாற்காலி வரை: இளையோருக்கு நூலகம் என்ன சொல்கிறது?

கேள்வி: எங்கள் கிளை நூலகத்தில் பதின்ம வயதினருக்கென ஓர் அறை ஒதுக்கினோம். சுவருக்கு வண்ணம் அடித்து, தனிச் சின்னம் வரைந்து, ‘இளையோர் மையம்’ என்று பெயர்ப்பலகையும் மாட்டினோம். முதல் சில வாரங்கள் கூட்டம் இருந்தது. இப்போது தேர்வுக்குப் படிக்கும் ஒரு சிலரைத் தவிர யாரும் வருவதில்லை. எதை முதலில் மாற்ற வேண்டும்? பெரிய செலவு செய்ய இயலாது. — ஒரு நூலகர்

பதில்: அந்த அறையை இப்போதைக்கு அப்படியே விட்டுவிடுங்கள். முதல் வேலை, தெருவாசலில் தொடங்கி அந்த அறையின் நாற்காலி வரை உள்ள வழியில்தான் இருக்கிறது. புதிதாக வரும் பதினைந்து வயதுப் பிள்ளை ஒருவர் அறையை எட்டுவதற்கு முன்பே நூலகம் அவரிடம் பலமுறை பேசிவிடுகிறது. கதவில் ஒட்டிய தாள், வருகைப் பதிவேட்டின் மேலுள்ள குறிப்பு, பை வைக்கும் இடத்து எச்சரிக்கை, அலமாரி முனையில் உள்ள எண், இவை அனைத்தும் சேர்ந்ததுதான் நூலகத்தின் அடையாளம். சின்னம் அதில் ஒரு சிறு பகுதியே.

ஆகவே ஒரு நாள், நூலகம் திறப்பதற்கு முன்னால், கைபேசிக் கேமராவுடன் அந்த வழியை நடந்து, எழுத்து உள்ள ஒவ்வொன்றையும் படம் எடுங்கள். பிறகு படங்களை நான்காகப் பிரியுங்கள்: வழி காட்டுபவை, தகவல் தருபவை, தடுப்பவை, காலாவதியானவை. பெரும்பாலான நூலகங்களில் தடுப்பவையும் காலாவதியானவையும் சேர்ந்து மற்ற இரண்டையும் மூழ்கடித்திருக்கும். காலாவதியானவற்றை அன்றே கழற்றிவிடலாம். இதற்குச் செலவே இல்லை. பல சுவர்களில் இதனால் மட்டுமே பாதி இரைச்சல் அடங்கிவிடும்.

தடுப்பவற்றில்தான் நிதானம் வேண்டும். எடுத்துக்காட்டாக, ‘நூலகத்தினுள் கைபேசி பயன்படுத்துவது கண்டிப்பாகத் தடை செய்யப்பட்டுள்ளது’ என்னும் பலகையைப் பாருங்கள். இதை எழுதியவருக்கு உண்மையில் எது தொந்தரவாக இருந்தது? மணி ஒலிப்பதும் உரக்கப் பேசுவதும்தான். ஆனால் பலகை தடுப்பதோ அகராதி பார்ப்பது, பாடப் பக்கத்தைப் படம் எடுப்பது, வீட்டுக்கு ‘வந்து சேர்ந்துவிட்டேன்’ என்று செய்தி அனுப்புவது உட்பட எல்லாவற்றையும். நாள் முழுவதும் எல்லோரும் மீறுகிற, ஊழியர்களும் கண்டுகொள்ளாத ஒரு விதி மற்ற விதிகளின் மதிப்பையும் கெடுத்துவிடும். அதோடு, எப்போது யார் அதட்டுவார்கள் என்ற அச்சம் புதிதாக வந்தவரிடம்தான் மிகுதியாகத் தங்கும். அதே பலகையை இப்படி எழுதிப் பாருங்கள்: ‘கைபேசியை ஒலியில்லாமல் வையுங்கள். அழைப்பு வந்தால் படிக்கட்டுக்கு அருகே நின்று பேசலாம். இங்கே பலர் தேர்வுக்குப் படிக்கிறார்கள்.’ எதைச் செய்யலாம், எங்கே செய்யலாம், ஏன் இந்த வரம்பு என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. காரணம் சொல்லப்பட்ட விதியைப் பதின்ம வயதினர் ஏற்றுக்கொள்வது எளிது. அதிலும் தம் வயதுக்காரர்களின் வசதியே காரணமாக இருந்தால் இன்னும் எளிது.

எல்லாத் தடைகளையும் இப்படி மென்மையாக்க வேண்டியதில்லை. அவசர வழியை அடைக்கக் கூடாது, மின்பெட்டியைத் தொடக் கூடாது என்பவை குறுகியவையாகவும் கண்டிப்பானவையாகவும் இருக்க வேண்டும். மற்ற பலகைகள் குரலைத் தாழ்த்தினால்தான் இவற்றின் கண்டிப்பு காதில் விழும்.

எழுதும் மொழியைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு: இளையோரின் பேச்சுவழக்கைப் பலகையில் போலி செய்யாதீர்கள். அந்தச் சொற்கள் ஓரிரு ஆண்டில் பழசாகிவிடும், பலகையோ பத்தாண்டு தொங்கும். பெரியவர் ஒருவர் தம்மைப் போல் நடிக்கிறார் என்பதை அவர்கள் முதல் வரியிலேயே கண்டுகொள்வார்கள். அவர்களுக்கு வேண்டியது மரியாதையும் தெளிவும். ‘நீங்கள்’ என்றே அழைத்து, செய்வினையில் எழுதுங்கள். ‘நூல்கள் பதினான்கு நாட்களுக்குள் திருப்பி ஒப்படைக்கப்பட வேண்டும்’ என்பதைவிட ‘இந்தப் புத்தகத்தை இரண்டு வாரம் வைத்துக்கொள்ளலாம், போதாவிட்டால் சொல்லுங்கள், நீட்டித்துத் தருகிறோம்’ என்பது நல்லது. தாமத நினைவூட்டல் செய்திக்கும் இதுவே பொருந்தும். அமெரிக்காவில் சிகாகோ பொது நூலகம் 2019 அக்டோபரில் தாமதக் கட்டணத்தையே நீக்கியது. உங்கள் கிளைக்கு அந்த அதிகாரம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் ‘தவறினால் அபராதம் விதிக்கப்படும்’ என்று தொடங்கும் செய்தியை ‘நீங்கள் எடுத்துச் சென்ற புத்தகத்தை இன்னொருவர் கேட்டிருக்கிறார்’ என்று தொடங்குவதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படாது. உண்மையிலேயே ஒருவர் கேட்டிருந்தால் மட்டும் அப்படி எழுதுங்கள். பொய்யான நயம் ஒரே முறைதான் செல்லும்.

வாசலில் எழுதாமல் விடப்படும் ஒரு வரியையும் சொல்ல வேண்டும். உறுப்பினர் அட்டை இல்லாதவர் உள்ளே வரலாமா என்பது முதல்முறை வருபவருக்குத் தெரியாது. தயங்கி நிற்பதைவிடத் திரும்பிப் போவது அவருக்கு எளிது. அட்டை பெறப் பெற்றோர் கையொப்பமும் முகவரிச் சான்றும் கேட்கும் விதி இருந்தால் அந்தத் தயக்கம் இரட்டிப்பாகும். ‘உள்ளே வந்து உட்கார்ந்து படிக்க அட்டை தேவையில்லை. புத்தகம் வீட்டுக்கு எடுத்துச் செல்ல மட்டும் அட்டை வேண்டும்’ என்று கதவிலேயே எழுதுங்கள். உங்கள் விதி அதற்கு இடம் தருமானால், மற்ற எல்லாப் பலகைகளுக்கும் முன்னால் இதை வையுங்கள்.

அடுத்தது அலமாரி. 1876இல் வெளியான டூயி தசமப் பகுப்பு முறை நூலகருக்குச் சிறந்த கருவி. ஆனால் அந்த வயதினர் கேட்கும் பொருள்கள் அதில் சிதறிக் கிடக்கின்றன. கணினி நிரல் 005இல் இருக்கிறது, உளவியல் 150இல், வானியல் 520இல், படக்கதை 741.5இல், விளையாட்டு 796இல். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தால்தான் இவை கிடைக்கும். இடையில் உள்ள பலகைகளோ வெறும் எண்ணையோ ‘தூய அறிவியல்’ போன்ற தலைப்பையோ காட்டும். புத்தகங்களை இடம் மாற்ற வேண்டாம், முதுகெழுத்தும் அப்படியே இருக்கட்டும். அலமாரி முனையில் எண்ணுக்கு மேலே ‘நட்சத்திரங்கள், கோள்கள்’, ‘நிரல் எழுதக் கற்க’, ‘மனமும் உணர்ச்சிகளும்’ என்று பெரிதாக எழுதுங்கள். மனநலம், உடல் மாற்றங்கள், குடும்பச் சிக்கல் போன்றவற்றைத் தேடுபவர் ஊழியரிடம் வாய்விட்டுக் கேட்கமாட்டார். அவருக்குப் பலகை மட்டுமே துணை. எனவே அந்தத் தலைப்புகளையும் எண்ணுடன் ஒரு சிறிய தாளில் அச்சிட்டு, யாரும் எடுத்துப் பையில் வைத்துக்கொள்ளும்படி வையுங்கள்.

அளவு பற்றிச் சுருக்கமாக: மூன்று மீட்டர் தொலைவுக்கு எழுத்தின் உயரம் 25 மில்லிமீட்டர் இருக்கட்டும், ஆறு மீட்டர் என்றால் 50. தமிழில் இதை ‘ப’ போன்ற எழுத்தின் உடலை வைத்து அளக்க வேண்டும். ‘கீ’யின் மேல்வளைவையும் ‘கூ’வின் கீழ்வளைவையும் சேர்த்து அளந்தால் எழுத்து சிறுத்துவிடும். அந்த வளைவுகள் ஒன்றையொன்று இடிக்காதபடி வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விடுங்கள். பளபளக்கும் நெகிழி உறை விளக்கொளியில் கண்ணைக் கூசச் செய்யும் என்பதால், மங்கலான பரப்புள்ள தாளே போதும். எல்லாத் தாள்களுக்கும் ஒரே எழுத்துரு, ஒரே வண்ணம், மூலையில் கழற்ற வேண்டிய தேதி. இந்த ஒழுங்கு ஒன்றே, பலர் பல நாளில் ஒட்டியவற்றை ஒரே குரலாக்கிவிடும்.

இனி உங்கள் பெயர்ப்பலகைக்கும் சின்னத்துக்கும் வருகிறேன். லண்டனின் டவர் ஹாம்லெட்ஸ் பகுதி தன் நூலகங்களுக்கு ‘ஐடியா ஸ்டோர்’ என்று புதுப் பெயர் சூட்டியது. முதலாவது 2002இல் போ என்னும் இடத்தில் திறந்தது. அங்கே பெயரோடு சேர்ந்து வகுப்புகளும் நூலகத்துக்குள் வந்தன, கடைவீதியை ஒட்டியே இடமும் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆஸ்லோவில் 2016இல் திறந்த பிப்லோ தோயன் என்னும் நூலகம், 10 முதல் 15 வயது வரை உள்ளோருக்கானது. பெற்றோர் உட்படப் பெரியவர்களுக்கு அங்கே அனுமதி இல்லை. வாசலில் உள்ள ஒரு தடையே அந்தப் பிள்ளைகளுக்கு வரவேற்பாக அமைகிறது. இரண்டிலும் பெயரைப் பின்தொடர்ந்து நடைமுறை மாறியிருக்கிறது. உங்கள் அறையில் பெயர் மாறியது. உள்ளே நடப்பது மாறியதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். தனிச் சின்னம் வேண்டாம் என்பது என் கருத்து. ஓர் அறைக்கு மட்டும் சின்னம் இருந்தால் மற்ற கூடங்கள் தமக்கானவை அல்ல என்றே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். சிறுவர் பகுதியை ஒட்டிய அறையாக இருந்தால், அங்குள்ள பொம்மைப் படங்கள் அறைக்குள் நீளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பக் கூட்டம் கலைந்ததற்குக் காரணம் பெரும்பாலும் பேச்சுச் சத்தம் பற்றிய குழப்பமாக இருக்கும். சுவர் ‘வாருங்கள்’ என்கிறது, ஊழியர் ‘உஷ்’ என்கிறார். எந்தப் பலகையும் இந்த முரணைத் தாங்காது. எனவே பலகை எழுதும் முன்பே ஊழியர்கள் எல்லோரும், காவலர் உட்பட, கூடி முடிவு செய்யுங்கள்: இந்த அறையில் சாதாரணக் குரலில் பேசலாம், வாசிப்புக் கூடத்தில் பேசக்கூடாது. இரண்டு இடங்களிலும் அதையே எழுதுங்கள். மூத்த வாசகர் குறைசொன்னால் ஊழியர் சொல்ல வேண்டிய பதிலும் முன்கூட்டியே ஒன்றாக இருக்கட்டும். தேர்வுக்குப் படிக்கும் அந்தச் சிலருக்கு வாசிப்புக் கூடத்தில் மேசை ஒதுக்குங்கள். அவர்களின் மௌனமும் மற்றவர்களைத் துரத்தும்.

எதையும் உடனே நிரந்தரப் பலகையாக்க வேண்டாம். சாதாரணத் தாளில் அச்சிட்டு ஒட்டிவிட்டு, இதுவரை நூலகத்துக்கே வராத இளையோர் சிலரை அழைத்து மூன்று வேலைகள் கொடுங்கள்: நிரல் எழுதுவது பற்றிய புத்தகம் ஒன்றை எடுக்க வேண்டும், மின்னேற்றும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், அட்டை பெற என்ன வேண்டும் என்று அறிய வேண்டும். உதவாமல் பின்னால் நடங்கள். ‘பிடித்திருக்கிறதா’ என்று கேட்டால் மரியாதைக்கு ஆம் என்பார்கள், அதனால் கேட்காதீர்கள். அவர்கள் எங்கே நின்று தலையைத் திருப்புகிறார்களோ அங்கே பலகை வேண்டும். எந்தத் தாளைப் பார்க்காமலேயே கடந்தார்களோ அந்தத் தாள் தேவையில்லை. திருத்தி, மறுபடி வேறு சிலரை நடக்கவிடுங்கள். சேவை மேசையில் ‘எங்கே இருக்கிறது’, ‘வரலாமா’ என்னும் கேள்விகளை ஒரு கோட்டுத் தாளில் கோடிட்டு எண்ணி வாருங்கள். அவை குறைந்து, ‘இதுபோல் வேறு புத்தகம் உண்டா’ என்பவை கூடத் தொடங்கிய பிறகு, பலகை செய்பவரிடம் ஆர்டர் கொடுங்கள்.