வட்டி மானியத்தை நிதிச் செலவில் கழிப்பது எப்படி?

"சம்மாந்துறையில் அரிசி ஆலைக் கம்பனி. கடன் வட்டிக்கு அரசு மானியம் தருகிறது. நிதிச் செலவில் கழித்துக் காட்டலாமா? மார்ச் 31இல் கடைசிக் காலாண்டுப் பணம் வரவில்லை."

கழிக்கலாம். அரசு மானியங்களுக்கான இலங்கைக் கணக்கீட்டு நியமம் LKAS 20 இரண்டு வழியையும் ஏற்கிறது: வேறு வருமானமாகக் காட்டலாம், உரிய செலவிலிருந்து கழித்தும் காட்டலாம். எதை எடுத்தாலும் வருடா வருடம் அதையே தொடருங்கள்.

சிக்கல் பெரும்பாலும் காலத்தில்தான் வரும். கடன் 50 இலட்சம், வட்டி 14%, மானியம் 6% என்று வைப்போம். வங்கி முழு வட்டியையும், அதாவது 7,00,000 ரூபாயை, உங்கள் கணக்கில் எடுக்கும். அதை முழுதாகவே வட்டிச் செலவில் பதியுங்கள். வருடத்துக்குரிய மானியம் 3,00,000. கையில் வந்தது 2,25,000 என்றால் மிச்சம் 75,000க்கு இப்படிப் பதிவு:

```
Dr மானிய வருமதி  75,000
Cr வட்டி மானியம் (நிதிச் செலவு)  75,000
```

இலாப நட்டக் கூற்றில் நிதிச் செலவு 4,00,000. பணம் வரும்போது மட்டும் பதிந்தால் இந்த வருடச் செலவு கூடி, அடுத்த வருடம் காரணமின்றிக் குறையும்.

ஆனால் நிபந்தனைகளை நிறைவேற்றுவீர்கள், பணமும் வரும் என்ற நியாயமான உறுதி இருந்தால்தான் வருமதி பதியலாம். தவணை பிந்தினால் மானியம் நிற்கும் என்று உங்கள் அனுமதிக் கடிதத்தில் இருந்தால், மார்ச் வரையான தவணைச் சீட்டுகளைப் பாருங்கள். ஒன்று பிந்தியிருந்தாலும் அந்த 75,000ஐப் பதிய முன் வங்கியிடம் எழுத்தில் உறுதி வாங்குங்கள்.

மானியத்தைக் கடனின் முதல் தொகையில் கழிக்கவே வேண்டாம். வங்கிக் கூற்றோடு மீதி ஒத்துவராது. குறிப்பில் 7,00,000, 3,00,000 இரண்டையும் தனித்தனியே காட்டுங்கள்.